எல்லா நேரமும் UTC-யில் இருந்தால் தனிச் சோதனை எதற்கு?

தேன்மொழி: எங்கள் ஆப்பில் நியூயார்க், லண்டன், குவைத் மாணவர்கள் சென்னை ஆசிரியர்களிடம் வாராந்திர வகுப்பு பதிவு செய்கிறார்கள். எல்லா நேரத்தையும் UTC-யில்தான் சேமிக்கிறோம். நேர மண்டலத்துக்கென்று தனிச் சோதனை வேண்டுமா?

முரளி: வேண்டாம். சர்வரில் UTC, திரையில் காட்டும்போது மொபைல் மாற்றிக்கொள்ளும். எங்கள் ஆர்டர் நேரங்கள் அப்படித்தான் ஓடுகின்றன, ஒரு புகாரும் இல்லை.

கயல்: ஆர்டர் நடந்து முடிந்தது, அதற்கு UTC சரி. வகுப்பு இனிமேல் நடக்கப்போவது. நியூயார்க் மாணவர் செவ்வாய் காலை 9 மணிக்குப் பதிவு செய்கிறார். 2026 மார்ச் 3 அன்று அது 14:00 UTC. மார்ச் 8 அன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். அதே 14:00 மார்ச் 10 அன்று அவருக்குக் காலை 10 மணி! லண்டன் மார்ச் 29-இல்தான் மாறும், அதனால் நடுவில் மூன்று வாரம் இரண்டு ஊருக்கும் இடைவெளி 5 மணிக்குப் பதில் 4.

முரளி: சரி, பதிவோடு -05:00 என்றும் ஒரு பத்தியில் வைத்துவிட்டால் போயிற்று.

கயல்: அது பதிவு செய்த அன்றைய வித்தியாசம் மட்டுமே. எப்போது மாறும் என்று அதற்குத் தெரியாது. உள்ளூர் நேரம் 09:00, கூடவே `America/New_York` என்று வைத்து, ஒவ்வொரு வகுப்புக்கும் UTC-யைக் கணக்கிடுங்கள். சோதனையில் கடிகாரத்தை மார்ச் 1-க்கு வைத்து, அடுத்த நான்கு செவ்வாய்க்கும் 9:00 வருகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தியாவில் கோடை நேரம் கிடையாது, ஆகவே நம் லேப்டாப்பில் ஓட்டினால் இந்தப் பிழை கண்ணில் படாமலே போகலாம். ஓட்டும்போது:

```
TZ=America/New_York npm test
```

மார்ச் 8 அதிகாலை 2:30 நியூயார்க்கில் இல்லவே இல்லை. நவம்பர் 1 அதிகாலை 1:30 இரண்டு முறை வரும். இரண்டையும் பதிவு செய்து பாருங்கள்.

பஷீர்: குவைத்திலும் கோடை நேரம் இல்லை, எங்களை அடித்தது பணம்தான். சோதனைத் தரவு முழுக்க டாலர். 12.500 தினாரைச் சில்லறையாக்க நூறால் பெருக்கி, கட்டணச் சேவைக்கு 1250 என்று அனுப்பினோம். ஒரு தினாருக்கு ஆயிரம் ஃபில்ஸ், ஆகவே 12500 போயிருக்க வேண்டும். வாடிக்கையாளரிடம் 1.250 தினார்தான் பிடித்தது. குறைவாகப் பிடித்தால் யார் புகார் செய்வார்கள்? மாதக் கணக்கு பார்க்கும்போதுதான் தெரிந்தது. ஜப்பானுக்குப் போனால் தலைகீழ்: யெனுக்குச் சில்லறையே இல்லை, நூறால் பெருக்கினால் நூறு மடங்கு பிடிக்கும்.

தேன்மொழி: பஷீர் பாய், நாங்களும் நூறால்தான் பெருக்குகிறோம், நாளைக்கே பார்க்கிறேன். கயல், ஒரு சிக்கல். மாணவருக்கு 9 மணியை அப்படியே வைத்தால் சென்னையில் இரவு 7:30 வகுப்பு 6:30-க்கு வந்துவிடும். அந்த நேரத்தில் ஆசிரியருக்கு லண்டன் மாணவர் இருக்கலாமே?

கயல்: இருக்கலாம். காசு கொடுப்பவர் மாணவர், அவருடைய நேரம்தான் மாறாமல் இருக்க வேண்டும். மோதலைப் பதிவின்போதே காட்டுங்கள்.

முரளி: இதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு ஆசிரியருக்குப் பத்து மாணவர்கள். ஆசிரியரின் நேரத்தை மாறாமல் வைத்து, மாணவருக்கு முன்கூட்டியே அறிவிப்பு அனுப்புவதுதான் நடைமுறை.