கிறாள், கிறாள், கிறாள்: நிகழ்காலத்தில் எழுதிய கதை எங்கே சலிக்கத் தொடங்கியது?

கடைசி வண்டி

போன மாதம் எங்கள் ஊர் நூலக மாடியில் என் கதை ஒன்றை வாசித்தேன். இரவு பதினொன்றே முக்கால், பேருந்து நிலையத்தில் கடைசி வண்டிக்காகக் காத்திருக்கும் ஒரு பெண், அவள் பெஞ்சில் வந்து உட்காரும் ஓர் ஆள். அவ்வளவுதான் கதை. அவளுடைய பயம் வாசகருக்கும் அந்த நிமிடத்திலேயே வரவேண்டும் என்று முழுக்க நிகழ்காலத்தில் எழுதியிருந்தேன்.

முதல் பக்கத்தை மூச்சுவிடாமல் கேட்டார்கள். மூன்றாம் பக்கத்தில் ஒரு பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார். பின்வரிசையில் ஒரு பையன், நான் வாக்கியத்தை முடிக்கும் முன்பே "கிறாள்" என்று உதட்டை அசைத்துப் பக்கத்திலிருந்தவனைச் சிரிக்கவைத்தான். வீட்டுக்கு வந்து எண்ணினேன். அந்தப் பக்கத்தில் 24 வாக்கியங்கள். 19 கிறாளில் முடிகின்றன. ஒரு துண்டு:

"பையைத் திறக்கிறாள். தண்ணீர் பாட்டிலை எடுக்கிறாள். இரண்டு மடக்கு குடிக்கிறாள். மூடியைத் திருகுகிறாள். அவனைப் பார்க்கிறாள். அவன் பீடி பற்றவைக்கிறான்."

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எப்படி வெளியே வந்தீர்கள்?

மெய்ப்புக்காரன்

இருபது வருடமாகப் பிறர் கதைகளுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். இந்த நோய் நிறையப் பார்த்தாயிற்று. அந்தப் பையன் மேல் கோபப்படாதீர்கள், அவன் காது நல்ல காது.

வந்தாள், போனாள், கேட்டாள், நின்றாள், எழுதினாள் என்று சொல்லிப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஓசை. இப்போது வருகிறாள், போகிறாள், கேட்கிறாள், நிற்கிறாள், எழுதுகிறாள். எல்லாம் ஒரே வாலோடு வருகின்றன. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் உட்காருவதால் அந்த வால் நேராக முற்றுப்புள்ளியில் போய் இடிக்கிறது. ஆங்கிலக் கதையைப் படித்துவிட்டு அதேபோல் நிகழ்காலத்தில் எழுதுகிறவர்களுக்கு இது உறைப்பதில்லை. அங்கே வினை வாக்கியத்தின் நடுவில் ஒளிந்துகொள்ளும்.

இன்னொன்று. நிகழ்காலத்தில் எழுத ஆரம்பித்ததும் கை தானாகவே கேமரா ஆகிவிடுகிறது. மூடியைத் திருகியதெல்லாம் ஒரு செய்தியா? இறந்தகாலத்தில் எழுதியிருந்தால் "தண்ணீர் குடித்தாள்" என்று ஒரே வரியில் போயிருப்பீர்கள். உங்கள் துண்டை இப்படி மாற்றலாம்:

"பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்கு. மூடி சரியாகப் பொருந்தவில்லை. பக்கத்தில் அவன் பீடி பற்றவைக்கிறான்."

ஆறு கிறு ஒன்றாகிவிட்டது. முதல் வாக்கியத்தில் வினைமுற்றே இல்லை. "பொருந்தவில்லை" இறந்தகாலத்துக்கும் நிகழ்காலத்துக்கும் பொது. தெரியும், முடியாது, வேண்டும், இல்லை எல்லாம் இப்படிக் காலம் காட்டாமல் கூட வருபவை. மிச்சமிருக்கும் ஒரே "கிறான்" பீடிக்காரனுடையது. பயம் அங்கேதானே இருக்கிறது?

வேல்முனை

நான் சோழர் காலக் கதைகள் எழுதுபவன். நிகழ்காலக் கதைகள் சலிப்பூட்டும் என்பதை நெடுநாளாகச் சொல்லிவருகிறேன். செல்போனும் ஷேர் ஆட்டோவும் வந்தால் கதையில் என்ன கம்பீரம் இருக்கும்?

மெய்ப்புக்காரன்

ஐயா, இங்கே பேச்சு வினைமுற்றின் காலத்தைப் பற்றி. கதை நடக்கும் காலத்தைப் பற்றி அல்ல.

வேல்முனை

ஓ, சரி. அப்படியானால் எனக்கும் அனுபவம் உண்டு. ஒரு போர்க்களத்தை "குதிரை பாய்கிறது, வேல் பறக்கிறது" என்று எழுதினேன். கிரிக்கெட் வர்ணனை மாதிரி இருக்கிறது என்றாள் மகள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

காலம் மயங்குவதை நன்னூலே ஒப்புக்கொள்கிறது: "விரைவினும் மிகவினும் தெளிவினும் இயல்பினும் பிறழவும் பெறூஉம் முக்காலமும் ஏற்புழி." இலையில் சோறு இருக்கும்போதே, வெளியே கூப்பிடுகிறவனுக்கு "இதோ வந்துவிட்டேன்" என்கிறோமே, அது விரைவு. உங்கள் கதைக்கு நேரடியாகப் பொருந்தாது, இந்த எடுத்துக்காட்டில் எதிர்காலத்தில் நடக்கவேண்டியது இறந்தகாலத்தில் வருகிறது. ஆனால் கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். "ஏற்புழி". பொருந்தும் இடத்தில் மட்டும்.

தாமிரபரணி

எங்கள் அத்தை கதை சொல்வதைக் கேட்டுத்தான் எனக்கு இது பிடிபட்டது. ஒருமுறை சொன்னாள்: "நேத்து தோட்டத்துக்குப் போனேன். மோட்டார் ரூம் பூட்டு சரியா தெறக்கல. தள்ளிட்டு உள்ள பாக்கேன், சுருண்டு கெடக்கு, இம்புட்டுத் தண்டி! அப்படியே பின்னாலயே நடந்து வந்துட்டேன்."

போனேன் என்று ஆரம்பிக்கிறாள். பாம்பு வரும்போது மட்டும் பாக்கேன், கெடக்கு. பாம்பை விட்டு விலகியதும் மறுபடி வந்துட்டேன். அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. போன வழி முழுவதையும் "போறேன், நடக்கேன், வரப்புல ஏறுதேன்" என்று சொல்லியிருந்தால் பாம்பு வருவதற்குள் நாங்கள் எழுந்து போயிருப்போம். அதன் பிறகு நான் கதையில் பாம்பு இருக்கும் பத்தியை மட்டும் நிகழ்காலத்தில் வைக்கிறேன். முன்னும் பின்னும் ஒரு வரி இடைவெளி விடுவேன்.

புதுமை

இவ்வளவு சிரமம் எதற்கு? தன்மையில் எழுதுங்கள். "நான்" என்று வந்தால் நிகழ்காலம் உறுத்தாது. நான் அப்படித்தான் எழுதுகிறேன்.

கடைசி வண்டி

முயன்றேன். நெருக்கம் கூடியது உண்மை. ஆனால் கிறாள் போய் கிறேன் வந்தது, அவ்வளவுதான். போதாக்குறைக்கு, பயத்தில் உறைந்துபோனவள் "மூடியைத் திருகுகிறேன்" என்று யாருக்கு அறிவித்துக்கொண்டிருக்கிறாள் என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது.

வடக்குவாசல்

எனக்கு நேர் எதிரான அனுபவம். நிகழ்காலத்தில் எழுதிய கதையை ஒரு பத்திரிகை முழுக்க இறந்தகாலமாக மாற்றி அச்சிட்டது, என்னிடம் கேட்கவே இல்லை. கதையில் மகள் சோறு பரிமாறுகிறாள், நடுவில் "அப்பா தட்டை எறிந்தார்" என்று பழைய நினைவு ஒன்று வரும். பரிமாறுவது நிகழ்காலத்திலும் எறிந்தது இறந்தகாலத்திலும் இருந்தவரை குழப்பமே இல்லை. மாற்றியபின் "பரிமாறினாள்", "எறிந்தார்" இரண்டும் ஒரே தளத்துக்கு வந்துவிட்டன. அப்பா இப்போதுதான் எறிந்தார் என்று படித்து இரண்டு பேர் போன் செய்தார்கள். மாற்றியவர் குறைந்தபட்சம் "எறிந்திருந்தார்" என்றாவது போட்டிருக்கலாம். நிகழ்காலம் என்றாலே சலிப்பு என்று யாரும் கிளம்பிவிடவேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

மெய்ப்புக்காரன்

சரிதான். நான் பக்கத்தை எண்ணுவதில்லை, கதைக்குள் கடிகாரம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்ப்பேன். ஒரு சாப்பாட்டு நேரம், ஒரு பேருந்துக் காத்திருப்பு என்றால் முழுக்க நிகழ்காலம் தாங்கும். "மூன்று நாட்கள் கழிகின்றன" என்று ஒரு வரி வந்துவிட்டால் செத்தது. கண்ணெதிரே நடப்பதாகச் சொல்லிவிட்டு மூன்று நாளை எப்படிக் கண்ணெதிரே காட்டுவது?

வடக்குவாசல்

அதை நான் ஏற்கவில்லை. ஒரு வருடம் ஓடும் கதையையும் நிகழ்காலத்தில் எழுதியிருக்கிறேன், தனித்தனிக் காட்சிகளாக. இடையில் ஓடிய காலத்தைச் சொல்லாமல் விட்டேன்.

கடைசி வண்டி

திருத்தி எழுதிவிட்டேன். அவள் நிலையத்துக்கு வருவது, டிக்கெட் கவுன்ட்டர் மூடியிருப்பது எல்லாம் இறந்தகாலம். அவன் "எந்த ஊரும்மா?" என்று கேட்பதிலிருந்து நிகழ்காலம். இப்போது கடைசி வரியில் நிற்கிறேன். "வண்டி வந்தது" என்பதா, "வண்டி வருகிறது" என்பதா?

தாமிரபரணி

வந்தது. அத்தை வீட்டுக்கு வந்து சேர்ந்த மாதிரி.

மெய்ப்புக்காரன்

அவனும் அதே வண்டியில் ஏறுகிறானா, இல்லையா? அதைச் சொல்லுங்கள் முதலில்.