பொருள்: துப்பாக்கியைப் பிடிக்கும் இரண்டாவது கைக்கு ஒரு சொல்

கவிதா: விளையாட்டு அசைவூட்டக் கையேட்டில் ஓரிடத்தில் சிக்கிக்கொண்டேன். ஓடும் அசைவுக் கிளிப்பைக் குட்டையான துப்பாக்கிக்குச் செய்திருந்தோம். நீளமான ரைஃபிளை மாட்டியதும் இடது உள்ளங்கை முன்பிடிக்கு ஒரு சாண் பின்னால் காற்றில் நிற்கிறது. வலது கை கிளிப்படியே போக, இடது கையை மட்டும், உள்ளங்கை போக வேண்டிய இடத்தைக் கொடுத்தால் மூட்டுகளை மடக்கித் தரும் ஐகே கொண்டுபோய்ப் பிடியில் வைக்கிறது. 'இடக்கை ஒட்டு' என்று எழுதலாமா?

முகிலன்: 'இடக்கை' வேண்டாம். இடக்கைப் பழக்கமுள்ள பாத்திரத்துக்குக் கிளிப்பைத் திருப்பிப் போட்டால் சொல் பொய்யாகிவிடும். துப்பாக்கியை ஏந்துகிற கை என்பதால் 'ஏந்துகை' எனலாம். 'ஒட்டு' என்றால் ஒருமுறை ஒட்டிவிட்டு மறந்துவிடலாம் போல இருக்கிறது. இது ஒவ்வொரு ஃபிரேமிலும் நடக்கும் வேலை, வரிசையும் முக்கியம். முதலில் கிளிப் உடல் முழுவதையும் அதனதன் நிலையில் வைக்கும், துப்பாக்கி வலது கையோடு போகும். அதன் பிறகுதான் முன்பிடிப் புள்ளியைப் படித்து மற்ற கையை மடக்க வேண்டும். போன ஃபிரேமில் உலகத்தில் அது இருந்த இடத்தை எடுத்தால், நிற்கும்போது தெரியாது, ஓடினால் கை பிடியை விட்டுப் பின்தங்கும். அன்ரியல் எஞ்சினில் இலக்கை `hand_r` எலும்பை வைத்துச் சொன்னால் இந்தத் தொல்லை இல்லை. அந்தக் கைக்கும் முன்பிடிக்கும் உள்ள தூரம் மாறுவதில்லையே.

ஜமால்: இவ்வளவு எதற்கு? ஐகே கையை எவ்வளவு ஆள வேண்டும் என்னும் எடையை 1 என்று வைத்தால் போதும், முழங்கையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

முகிலன்: ஓடும் கிளிப்புக்கு 1 சரிதான். தோட்டா நிரப்பும் கிளிப்பிலும் 1 என்று விட்டால், கை முன்பிடியிலேயே இருக்க, தோட்டாக்கூடு தானாகப் பறக்கும். அங்கே எடையைப் படிப்படியாக 0க்கு இறக்கி, கை திரும்பும்போது ஏற்ற வேண்டும். முழங்கையும் தானாகச் சரியாகாது. தோளும் மணிக்கட்டும் நிலையாக இருந்தாலும் அது ஒரு வட்டத்தில் எங்கும் நிற்கலாம். எந்தப் பக்கம் மடங்க வேண்டும் என்று ஒரு வழிகாட்டிப் புள்ளி கொடுக்காவிட்டால் சில கோணங்களில் விலாவுக்குள் புகுந்துவிடும்.

சேகர்: தம்பி, தேசிய சேவையில் எங்களுக்கு எஸ்ஏஆர் 21 ரைஃபிள். முன்பிடியை இறுக்கிப் பிடிக்காதே, தாங்கினால் போதும் என்பார்கள். குறி தவறாது.

கவிதா: அண்ணே, நாங்கள் சுடவில்லை, திரையில் கை நழுவுவதைத்தான் பேசுகிறோம். ஆனாலும் உதவுகிறது. அந்தத் துப்பாக்கியில் தோட்டாக்கூடு விசைக்குப் பின்னால் இருக்கிறது, முன்பிடி வலது கைக்கு நெருக்கம். முழங்கை நன்றாக மடங்கும், அப்போது வழிகாட்டிப் புள்ளி இன்னும் அவசியம்.

ஜமால்: 'ஏந்துகை' என்றால் என் காதில் கையேந்துவது மாதிரி விழுகிறது. 'தாங்குகை' பரவாயில்லை, சேகர் அண்ணனே சொல்லிவிட்டார்.

முகிலன்: எனக்கு அப்படி விழவில்லை.

கவிதா: சரி, இப்போதைக்குத் 'தாங்குகைப் பொருத்தல்' என்று எழுதிவைக்கிறேன். அப்புறம், பிடி கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தால் கை விறைத்து நீண்டு, உள்ளங்கை எட்டாமல் நிற்கிறதே, அதற்கும் ஒரு சொல் வேண்டும்.

முகிலன்: அதற்குச் சொல் தேடுமுன் முன்பிடிப் புள்ளியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திப் பாருங்கள்.