புதுப்பிப்பு: இறால் பொரியல் சரிவந்திட்டுது

நான் முதல் கேட்டது: "இறால் பொரிச்சா றப்பர் மாதிரி இழுக்குது. நெருப்பைக் குறைச்சு 6 நிமிசம் வைச்சும் அதேதான். என்ன பிழை?"

ஹோட்டல் குசினியில வேலை செய்யிற அண்ணா சொன்னதுதான் சரி: ஈரமும் கூட்டமும். நான் அரைக் கிலோவையும் ஒரேயடியாப் போட, தாச்சி ஆறி, இறால் விட்ட தண்ணியிலேயே அவிஞ்சிருக்கு.

நேற்று வெள்ளவத்தையில நடுத்தர அளவு இறால் வாங்கினன். கோது உரிச்சு, நரம்பு எடுத்து, துணியால ஒத்தி நல்லா உலர்த்தினன். தூளும் உப்பும், இறாலைத் தாச்சியில போடுற நேரத்தில்தான் பிரட்டினது. இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் பளபளத்து அலைய, எட்டு இறாலை இடைவெளி விட்டுப் போட்டன். "சொர்" எண்ட சத்தம் கடைசிவரை குறையேல்லை. குறைஞ்சா தண்ணி விடுது எண்டு அர்த்தம். ஒரு பக்கம் 60 செக்கன், மற்றப் பக்கம் 40. நடுவில கண்ணாடி நிறம் போய் வெள்ளையானதும் எடுத்தன். எடுத்த பிறகும் உள்சூட்டில கொஞ்சம் வேகும். வளைவு "C" மாதிரி நிண்டா சரி, சுருண்டு வட்டமானா பிந்திட்டுது.

தேசிக்காய்ப்புளியில ஊறவைக்கச் சொன்ன தங்கச்சிக்கு: புளி நல்லம், ஆனா இறக்கின பிறகு. முந்தி ஊறினா சதை இறுகுது.

கணவாய் பற்றிக் கேட்டவருக்கு, அதை நான் இன்னும் செய்து பார்க்கேல்லை. பெரிய இறாலுக்கு எத்தனை செக்கன் எண்டதும் இன்னும் பிடிபடேல்லை.