படப்புத்தகம் எழுத எந்தப் புத்தகம்? படித்துச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

குடியாத்தம்: இதுவரை எதுவும் அச்சில் வந்ததில்லை. பாலாற்று மணலில் பாட்டி ஊற்று தோண்டுகிற கதை, 900 வார்த்தை, தயாராக இருக்கிறது. எழுதக் கற்றுத்தரும் புத்தகம் ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் எது?

காட்பாடி: ஆன் விட்ஃபோர்ட் பால் எழுதிய 'ரைட்டிங் பிக்சர் புக்ஸ்'. 2018இல் வந்த திருத்திய பதிப்பாகப் பாருங்கள். அதில் டம்மி, அதாவது கையால் செய்யும் மாதிரிப் புத்தகம், பற்றிய பகுதியை முதலில் படியுங்கள், மற்றவை அப்புறம்.

ஏ4 தாள் 8 எடுத்து நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகினால் 32 பக்கம். முதல் மூன்று பக்கம் தலைப்பு, பதிப்பு விவரம், சமர்ப்பணத்துக்குப் போய்விடும். 4-5இல் கதை தொடங்கினால் 30-31 வரை எதிரெதிர் இரு பக்கம் சேர்ந்த ஸ்ப்ரெட் 14, கடைசியில் தனியாக ஒரு பக்கம். கதையைப் பிரிண்ட் எடுத்து, வெட்டி, செல்லோடேப்பால் லேசாக ஒட்டுங்கள். கோந்து வேண்டாம், பத்து தடவையாவது இடம் மாற்றுவீர்கள்.

ஒட்டியதும் கோளாறு தானே தெரியும். மூன்று ஸ்ப்ரெட்டுக்குப் பாட்டியும் பேத்தியும் திண்ணையில் பேசிக்கொண்டே இருந்தால், ஓவியர் ஒரே திண்ணையை மூன்று தடவை வரைய வேண்டும். அங்கே இரண்டை வெட்டலாம். அடுத்தது வர்ணனை. ‘சிவப்புப் புடவை கட்டிய பாட்டி பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மணலில் நடந்தாள்’ என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். புடவை, குடம், நடை மூன்றும் படத்தில் இருக்கும். படத்தால் சொல்ல முடியாதது சூடு. அந்த இடத்தில் ‘மணல் சுட்டது’ போதும். இப்படிப் போனால் உங்கள் 900 பாதிக்குக் கீழே வந்துவிடும்.

ராணிப்பேட்டை: 32 பக்கம் என்பது கட்டாயம். ஒரு பக்கம் கூடினாலும் குறைந்தாலும் எந்தப் பதிப்பகமும் தொடாது.

காட்பாடி: பாதி சரி. பெரிய தாளில் அச்சடித்து மடிப்பதால் 8, 16 என்ற மடங்கில்தான் பக்கம் விழும். 31 என்று ஒன்று கிடையாது. ஆனால் 32 அமெரிக்க வழக்கம். நம் ஊரில் பின் அடித்து வரும் சிறுவர் புத்தகங்களில் 16, 24 பக்கமும் உண்டு. எந்தப் பதிப்பகத்துக்கு அனுப்பப் போகிறீர்களோ, அவர்கள் போட்ட புத்தகத்தில் பக்கத்தை எண்ணிவிட்டு அதற்கேற்ற டம்மி செய்யுங்கள். 24க்கு 6 தாள்.

ஆம்பூர்: எனக்குப் படம் வரையவே வராது. மாலி பேங்கின் 'பிக்சர் திஸ்' பார்த்து வரையக் கத்துக்கலாமா? இல்ல, ஓவியர நானே புடிக்கணுமா?

ஆற்காடு: அது ட்ராயிங் கிளாஸ் இல்லீங்க. சிவப்புத் தொப்பிச் சிறுமியை ஒரு சிவப்பு முக்கோணமாக வெட்டி வைத்து, சாய்வான கோடு ஏன் பதற்றம் தருகிறது, கூர் முனை ஏன் பயமுறுத்துகிறது என்று காட்டுவார். எழுதுகிறவருக்கு அதில் லாபம், படம் எவ்வளவு பேசும் என்று தெரிவதுதான். யூரி ஷுலெவிட்ஸின் 'ரைட்டிங் வித் பிக்சர்ஸ்' (1985) வரையவும் தெரிந்தவர்களுக்கு. ஆனால் அதில் ஒரு சோதனை எல்லாருக்கும் உதவும்: உங்கள் கதையை ரேடியோவில் வாசித்தாலே முழுசும் புரிகிறதென்றால், அது படம் போட்ட கதை, படப்புத்தகம் ஆகாது. ஓவியரைப் பெரும்பாலும் பதிப்பகமே பார்த்துக்கொள்ளும்.

திருப்பத்தூர்: இந்தப் புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலத்துக்கு எழுதினவை. 500 வார்த்தைக்குள் என்ற கணக்கை அப்படியே எடுக்காதீங்க. ‘மணலுக்குள்ளிருந்து’ நமக்கு ஒரே வார்த்தை, அவங்களுக்கு நாலு. வாய்விட்டுப் படிச்சு நேரம் பாருங்க. ரைமிங் பாடம் முழுசையும் தாண்டிப் போகலாம், நமக்கு எதுகை மோனை வேற கணக்கு.

பக்கம் திருப்புற இடத்துல இன்னொரு சிக்கல். ‘தண்ணீர் வந்தது’ன்னு எழுதினா விஷயம் முதல்லயே வந்துடும், வினைதான் மிச்சம். ‘பாட்டி உள்ளங்கையில் ஏந்திக் காட்டியது...’ன்னு நிறுத்திட்டு, திருப்பினதும் ‘தண்ணீர்!’னு வைக்கலாம்.

ராணிப்பேட்டை: இன்னா இது, பாதி வாக்கியத்துல நிறுத்துறது? நாலு வயசுப் பிள்ளைக்குப் படிச்சுக் காட்டும்போது பக்கம் ஒட்டிக்கிச்சுன்னா அர்த்தமே அறுந்துடும். முழு வாக்கியமா முடிங்க.

திருப்பத்தூர்: ஒரு புத்தகத்துக்கு ஒரு தடவை செஞ்சா தாங்கும். ஒவ்வொரு பக்கத்துலயும்னா நீங்க சொல்றதுதான்.

குடியாத்தம்: டம்மி ஒட்டிவிட்டேன். 22ஆம் பக்கத்தில் தோண்டுகிறாள், 23இல் தண்ணீர்.

காட்பாடி: 22ஐத் திறக்கும்போதே 23 எதிரில் தெரியும். தண்ணீரை 24க்குத் தள்ளுங்கள். 23இல் வெறும் ஈர மணலும் கையும் மட்டும், எழுத்தே இல்லாமல்.