ஸ்லைடு மாஸ்டருக்கு 'முதன்மைப் படவில்லை' சரிதானா?

செல்வி:
எல்லோருக்கும் வணக்கம். பவர்பாயின்ட் பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஸ்லைடு மாஸ்டருக்கு 'முதன்மைப் படவில்லை' என்று போட்டிருந்தேன். போன வாரம் வகுப்பில் அதைப் படித்த ஒருவர் நேரே முதல் ஸ்லைடுக்குப் போய் லோகோவை ஒட்டிவிட்டு, "மற்றதில் வரவில்லையே" என்று கேட்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, முதன்மை என்றால் முதலில் நிற்பது என்றுதானே தோன்றும். வேறு சொல் இருந்தால் தாருங்கள்.

முருகேசன்:
வார்ப்புரு இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? எழுத்துரு, லோகோ எல்லாம் அதில்தானே அமைத்து வைக்கிறோம்.

ராஜலிங்கம்:
முருகேசன், பாதி சரி. வார்ப்புரு என்பது .potx கோப்பு, மாஸ்டர் அதற்குள் இருப்பது, ஒன்றுக்கு மேலும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் கையேட்டில் அடுத்த பக்கத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

சொல்லுக்கு முன்னால் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். View → Slide Master திறந்தால் இடப்பக்கம் மேலே பெரிதாக ஒன்று, அதற்குக் கீழே கொஞ்சம் உள்தள்ளிச் சின்னச் சின்னதாக லேஅவுட்கள். பெரியதில் தலைப்பின் எழுத்துருவை மாற்றினால் அது லேஅவுட்களுக்கு இறங்கும், அங்கிருந்து ஸ்லைடுகளுக்கு இறங்கும். நடுவில் யாராவது ஒரு ஸ்லைடில் கையால் எழுத்துருவை மாற்றியிருந்தால் அந்த ஸ்லைடு மட்டும் மேலே சொல்வதைக் கேட்காது, Home → Reset அழுத்தினால்தான் திரும்ப வழிக்கு வரும் (நீங்கள் இழுத்து நகர்த்தி வைத்த பெட்டிகளும் பழைய இடத்துக்கே ஓடிவிடும், அது வேறு). ஆக இங்கே இருப்பது வாரிசு உறவு. அதனால் 'தாய்வில்லை' என்பேன். மதர்போர்டைத் தாய்ப்பலகை என்று பழகிவிட்டோமே.

இன்னொன்று, வகுப்பில் கட்டாயம் சொல்லுங்கள். Slide Master திறந்ததும் அது பெரியதில் போய் நிற்காது, நீங்கள் இருந்த ஸ்லைடின் லேஅவுட்டில்தான் நிற்கும். பலர் அதையே மாஸ்டர் என்று நினைத்து அங்கேயே லோகோவை வைத்துவிடுகிறார்கள், அப்புறம் பாதி ஸ்லைடில் வருகிறது, பாதியில் வரவில்லை. மேலே உருட்டிப் பெரியதைச் சொடுக்க வேண்டும்.

அபிராமி:
சொல் விவாதத்துக்கு நடுவே என் கதை, மன்னிக்கவும். எங்கள் அலுவலகக் கோப்பில் 38 ஸ்லைடு. ஐயா சொன்னபடிதான் மாஸ்டரில் லோகோ வைத்தேன், இப்போது பல ஸ்லைடுகளில் இரண்டு லோகோ, ஒன்றின்மேல் ஒன்று லேசாகத் தள்ளி, கண் மங்கின மாதிரி தெரிகிறது. முகப்பில் லோகோவே வேண்டாம் என்கிறார் மேலாளர், அங்கேயும் வந்துவிட்டது. ஏதாவது பிழையா?

ராஜலிங்கம்:
பிழை இல்லை அம்மா. முன்பு யாரோ ஒவ்வொரு ஸ்லைடாக ஒட்டியிருக்கிறார்கள். சாதாரணப் பார்வைக்குத் திரும்பி லோகோவைச் சொடுக்குங்கள். பிடிபட்டால் அது ஒட்டினது, அழியுங்கள். பிடிபடாதது மாஸ்டரிலிருந்து வருவது. சந்தேகமாக இருந்தால் Alt+F10 அழுத்துங்கள், பக்கத்தில் திறக்கும் பட்டியலில் ஒட்டினது மட்டும்தான் இருக்கும். 38-ஐயும் கையால்தான் பார்க்க வேண்டும், குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை. முகப்புக்கு, மாஸ்டர் பார்வையில் Title Slide லேஅவுட்டைத் தேர்ந்து Hide Background Graphics-இல் டிக் போடுங்கள்.

முருகேசன்:
சரி, வார்ப்புருவை விட்டுவிடுகிறேன். ஆனால் மாஸ்டர் தாய் என்றால் லேஅவுட் பிள்ளை, ஸ்லைடு பேத்தியா? கையேடு குடும்ப அட்டை மாதிரி ஆகிவிடும். நான் 'மூலவில்லை' என்பேன். அப்படியே பிளேஸ்ஹோல்டருக்கும் ஒன்று சொல்லிவிடுங்கள், 'இடங்காட்டி' போதுமா?

செல்வி:
மூலவில்லையில் ஒரு சிக்கல், "மூலக் கோப்பைத் திற" என்று வேறு இடத்தில் எழுதியிருக்கிறேன், குழம்பும். பிளேஸ்ஹோல்டருக்கு நான் வகுப்பில் 'இடம்பிடி' என்றுதான் சொல்கிறேன். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிறோமே, அதுதான் என்றால் ஒரே நொடியில் புரிந்துகொள்கிறார்கள். இடங்காட்டி என்றால் வரைபடம் ஞாபகம் வருகிறது.

ராஜலிங்கம்:
இடம்பிடி நன்றாக இருக்கிறது. கூடவே டெக்ஸ்ட் பாக்ஸ் அது இல்லை என்றும் எழுதிவிடுங்கள். பார்க்க இரண்டும் ஒன்று மாதிரி இருக்கும், ஆனால் டெக்ஸ்ட் பாக்ஸ் அந்த வாரிசு வரிசையில் இல்லாதது, மாஸ்டரில் தலைப்பின் அளவை மாற்றினாலும் அது அசையாது. கண்டுபிடிக்க View → Outline View போங்கள். இடம்பிடியில் தட்டினது அங்கே தெரியும், டெக்ஸ்ட் பாக்ஸில் தட்டினது தெரியாது. தலைப்பே இல்லாமல் வெறும் எண்ணோடு ஒரு ஸ்லைடு அங்கே நின்றால் யாரோ தலைப்பை டெக்ஸ்ட் பாக்ஸில் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அபிராமி:
பார்த்தேன். 38-இல் 11 ஸ்லைடு வெறும் எண்ணாக நிற்கிறது. லோகோவை அழித்து முடித்துவிட்டு இதற்கு வருகிறேன்.

செல்வி:
கையேட்டில் இப்போதைக்குத் தாய்வில்லை, இடம்பிடி. மெனு ஆங்கிலத்தில் இருப்பதால் முதல் முறை வரும்போது திரையில் இருக்கும் பெயரையும் சேர்த்தே எழுதுகிறேன். லேஅவுட்டுக்குத் 'தளவமைப்பு' என்று வைத்திருக்கிறேன், பேத்தி இல்லை. முருகேசன் அண்ணனுக்கு அதிலும் ஆட்சேபம் இருக்கும், ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.