ஆசிரியரைச் சிறப்பு விருந்தினராக அறிமுகப்படுத்தியவர்களின் அனுபவங்கள்

தொடங்கியவர் (தஞ்சை மாவட்டம், 1986ஆம் ஆண்டு மாணவர்):

எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளியின் முன்னாள் மாணவர் சந்திப்புக்கு, எங்களுக்கு வேதியியல் கற்பித்த ஆசிரியரைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தோம். அவரை அவைக்கு அறிமுகப்படுத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. முன்வரிசைகளில் அவரிடம் பிளஸ் டூ படித்தவர்கள் இருந்தார்கள். பின்வரிசைகளில் இருந்தவர்களோ அவர் ஓய்வு பெற்ற பிறகு பள்ளியில் சேர்ந்தவர்கள். அவரை நன்கு அறிந்தவர்களுக்கும் பெயர்கூடக் கேள்விப்படாதவர்களுக்கும் ஒரே பேச்சு பொருந்தியாக வேண்டும் என்பதுதான் இதிலுள்ள உண்மையான சிரமம்.

எழுதத் தொடங்குமுன் உடன் படித்த சிலரைத் தொலைபேசியில் அழைத்து, "சாரை நினைத்தால் முதலில் என்ன நினைவுக்கு வருகிறது?" என்று கேட்டேன். பெரும்பாலோர் ஆய்வகத்தையே சொன்னார்கள். அதிலும் உப்புப் பகுப்பாய்வில் வரும் பழுப்பு வளையச் சோதனையைச் சொன்னார்கள். எனவே, அவருடைய நற்குணங்களை வரிசையாக அடுக்குவதை விட்டுவிட்டு, அந்த ஒரு சோதனையை மட்டும் எடுத்துக்கொண்டேன். மேடையில் நான் சொன்னது ஏறத்தாழ இதுதான்:

"உப்புக் கரைசலில் நைட்ரேட் இருக்கிறதா என்று பார்க்க, அதனுடன் ஃபெரஸ் சல்ஃபேட் கரைசலைச் சேர்த்து, சோதனைக் குழாயைச் சாய்த்துப் பிடித்து, அடர் கந்தக அமிலத்தைக் குழாயின் சுவரோரமாகச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கனமான அமிலம் அடியில் தங்கும். இரண்டு திரவங்களும் சந்திக்கும் இடத்தில் பழுப்பு வளையம் தோன்றும். குழாயை ஆட்டினால் சூடேறி வளையம் கலைந்துவிடும். ஃபெரஸ் சல்ஃபேட் கரைசல் பழையதானால் காற்றுப்பட்டு மாறிப்போய், வளையம் சரியாக வராது. அதனால் செய்முறைத் தேர்வு நாட்களில், நாங்கள் வருவதற்கு முன்பே சார் ஆய்வகத்துக்கு வந்து, அந்தக் கரைசலைத் தம் கையாலேயே புதிதாகத் தயாரித்து வைப்பார். 'நேற்றுக் கலக்கியதை நம்பி ஒரு பையனின் மதிப்பெண்ணை விட முடியாது' என்பார். அந்தக் கரைசலில் வளையம் கண்டவர்களில் நானும் ஒருவன்."

'குழாயைச் சாய்த்து' என்று நான் சொன்னபோது, மேடையில் அமர்ந்திருந்த அவருடைய இடது கை தானாகவே சாய்ந்ததை முன்வரிசையில் இருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். வேதியியல் படிக்காத பின்வரிசை இளைஞர்களும் முழுவதையும் கவனித்துக் கேட்டார்கள். பேச்சு ஐந்து நிமிடங்களுக்குள் முடிந்தது. உங்களுடைய அனுபவங்களையும் எழுதுங்கள்.

மதுரையிலிருந்து, ஓய்வு பெற்ற வங்கி அலுவலர்:

நல்ல பேச்சுதான், ஆனால் அறிமுகம் என்றால் அந்த மனிதரின் முழு வாழ்க்கைக் குறிப்பும் அவைக்குத் தெரிய வேண்டாமா? நாங்கள் எங்கள் கணித ஆசிரியரின் பட்டங்கள், பணியாற்றிய ஊர்கள், பெற்ற விருதுகள் என இரண்டு பக்கங்கள் தயாரித்து வாசித்தோம். அவரை அறியாத இளையவர்களுக்கு ஒரு சோதனைக் குழாயைப் பற்றிச் சொன்னால் என்ன புரியும்? பெரியவர்களைப் பெரியவர்களாகக் காட்டுவதற்கு அந்தக் குறிப்பு அவசியம் என்றே நினைக்கிறேன்.

சேலத்திலிருந்து, சங்கச் செயலாளராக இருந்த பெண்மணி:

அண்ணா, குறிப்பு வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் அது சரிபார்க்கப்பட்டதாக இருக்க வேண்டும். எங்கள் சந்திப்பு ஒன்றில், பேசியவர் யாரோ சொன்னதை நம்பி, ஆசிரியர் மாநில அரசின் நல்லாசிரியர் விருது பெற்றவர் என்று அறிவித்துவிட்டார். அரங்கம் கைதட்டியது. அடுத்துப் பேச எழுந்த ஆசிரியர், தமக்கு அந்த விருது கிடைக்கவில்லை என்று முதல் வாக்கியமாகவே சொல்ல வேண்டியதாயிற்று. அவரைப் பெருமைப்படுத்த எண்ணிய ஒரு வரி, அத்தனை பேர் முன்னிலையில் அவரே மறுக்க வேண்டிய ஒன்றாகிவிட்டதைப் பார்க்க வேதனையாக இருந்தது.

அதற்குப் பிறகு, தலைப்பெழுத்து, பணியில் சேர்ந்த ஆண்டு, ஓய்வு பெறும்போது வகித்த பதவி ஆகிய மூன்றையும் ஆசிரியரிடமோ வீட்டாரிடமோ நேரில் கேட்டு எழுதிக்கொள்கிறோம். பொறுப்புத் தலைமையாசிரியராக இருந்தவரைத் தலைமையாசிரியர் என்று சொல்லிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. வீட்டாரிடம் பேசும்போது அவருடைய துணைவியார் நலமா என்பதும் தெரிந்துவிடும். மறைந்தவரைப் பற்றி 'இருவரும் நீடூழி வாழ்க' என்று மேடையில் வாழ்த்தும் அவலம் நேராது.

விழுப்புரத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் தமிழாசிரியர் ஐயா வரவே மாட்டேன் என்கிறார். அழைப்பிதழில் பெயரையும் அச்சிட்டுவிட்டோம். பொன்னாடையை வீட்டுக்கே கொண்டுபோய்ப் போர்த்திவிடலாமா?

ரொறன்ரோவிலிருந்து, யாழ்ப்பாணத்துப் பழைய மாணவி:

எங்கள் பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலுக்கு, உயர்தரத்தில் எங்களுக்குத் தாவரவியல் படிப்பித்த ரீச்சர் பிரதம விருந்தினராக வருகிறார். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து எல்லோரும் இடம்பெயர்ந்தபோது, அவரும் தென்மராட்சியில்தான் இருந்தார். அங்கே ஒரு மாமரத்தின் கீழே, புத்தகங்கள் இல்லாமல், இலையையும் பூவையும் கையில் பிடித்தபடி எங்களுக்கு வகுப்பு எடுத்தார். அவரை அறிமுகம் செய்வதென்றால் எனக்கு அந்த மாமரத்தை விட்டால் சொல்ல வேறொன்றும் இல்லை. ஆனால் அந்த இடப்பெயர்வில்தான் அவர் தன் தாயாரை இழந்தார். கொண்டாட்ட மேடையில் அதைத் தொடுவது முறையா என்பதுதான் என் கேள்வி. அதைச் சொல்லாமல் விட்டால் அவர் எங்களுக்குச் செய்ததே சொல்லப்படாமல் போய்விடும்.

திருநெல்வேலியிலிருந்து, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்:

நான் இத்தகைய மேடைகளில் நாற்காலியில் அமர்ந்து கேட்டவன். அந்தப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன். வயதான ஆசிரியர்கள் பலருக்குக் காது மந்தமாகியிருக்கும். ஒலிபெருக்கிகள் அவையை நோக்கி இருப்பதால், மேடையில் இருப்பவருக்குச் சொற்கள் தெளிவாக வருவதில்லை. தம்மைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்றே தெரியாமல், எல்லோரும் சிரிக்கும்போது சேர்ந்து சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது மிகுந்த சங்கடம். எழுதிய பேச்சின் படியொன்றை முன்னதாகவே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, அவர் எதைப் பேசப் போகிறார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை, நான் சொல்வதற்கென்றே வைத்திருந்த நிகழ்ச்சியை என்னை அறிமுகப்படுத்திய மாணவரே விரிவாகச் சொல்லி முடித்துவிட்டார். எனக்கு நன்றி சொல்லி அமர்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அடிவாங்கிய கதைகளையும் தவிர்ப்பது நல்லது. மாணவர்கள் அதை அன்போடுதான் சொல்கிறார்கள். ஆயினும் என்னைப் போன்ற சிலருக்கு அன்று கையில் பிரம்பு எடுத்தது இன்று கேட்கச் சுகமாக இல்லை.

விழுப்புரத்துத் தம்பிக்கு: பொன்னாடை இருக்கட்டும், முதலில் இரண்டு பேர் நேரில் போய் அவர் ஏன் தயங்குகிறார் என்று பாருங்கள். பேருந்துப் பயணமா, மேடைப் படிகளா, நெடுநேரம் உட்கார முடியாத உடல்நிலையா என்பது முகம் பார்த்துப் பேசினால்தான் தெரியும். கார் அனுப்பி, நாற்காலியைத் தரையிலேயே போட்டு, அவர் பகுதியை முதலில் வைத்தால் சிலர் இசைகிறார்கள்.

தொடங்கியவர்:

மதுரை ஐயா அவர்களுக்கு: பணிக் குறிப்பை நான் விட்டுவிடவில்லை, அழைப்பிதழின் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்தோம். மேடையில் அதிலிருந்து இரண்டே வரிகளைச் சொன்னேன். ரொறன்ரோ சகோதரிக்கு: ரீச்சரிடமே முன்கூட்டிக் கேட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. மாமரத்து வகுப்பைச் சொல்லி, தாயாரைப் பற்றிச் சொல்வதை அவர் விருப்பத்துக்கே விட்டுவிடலாம்.

ரொறன்ரோ உறுப்பினர்:

கேட்பதற்கே எனக்குத் தயக்கமாக இருக்கிறது, அண்ணா. கேட்டால் அவர் எனக்காக "சொல்லு பிள்ளை" என்றுதான் சொல்லுவார், அது அவருடைய உண்மையான விருப்பமா என்று எனக்குத் தெரியாது. அவருடைய மகள் இங்கே ஸ்காபரோவில் இருக்கிறார். முதலில் அவரோடு கதைத்துப் பார்க்கிறேன்.