புதுப்பிப்பு: அத்தை எழுதிக் கொடுத்த வீடு

என் பழைய கேள்வி: "82 வயது அத்தை டர்பன் வீட்டைக் கொழுந்தன் மகனுக்குத் தானமாக எழுதிக் கொடுத்துவிட்டார். கையெழுத்து அவருடையதுதான். ரத்து செய்ய முடியுமா?"

எண்பது தாண்டினாலே கையெழுத்து செல்லாது என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். அப்படி இல்லை. வயதும் தளர்ச்சியும் கணக்கில் வரும், அவ்வளவுதான். உயில் பற்றிக் கேட்ட அக்கா, அதற்கு வழி வேறு.

ஓய்வு பெற்ற வக்கீல் மாமா ஒருவர் நிதானமாக விளக்கினார். நெருங்கிய உறவு என்பதால் மட்டும் தென்னாப்பிரிக்க நீதிமன்றம் தகாத செல்வாக்கு என்று ஊகிக்காது. நாங்கள்தான் நிரூபிக்க வேண்டும்: கொழுந்தன் மகனுக்கு அத்தைமேல் பிடி இருந்தது, அதனால் அவருக்கு மறுக்கும் தெம்பு போனது, அதை அவன் நேர்மையின்றிப் பயன்படுத்தினான், சுயமாக யோசித்திருந்தால் தனக்கு நஷ்டமான இதற்கு அவர் சம்மதித்திருக்க மாட்டார். 1956இல் பிரெல்லர் எதிர் யோர்டான் வழக்கில், நோயாளி முதியவர் தன் டாக்டருக்குப் பண்ணைகளை எழுதிக் கொடுத்த விவகாரத்தில், மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த வழியை ஏற்றது.

அப்புறம் அத்தையிடம் உட்கார்ந்து பேசினேன். பேங்க் கார்டு, மாத்திரை டப்பா, போன் எல்லாம் அவன் கையில். "நான் போய்ட்டா உங்களுக்குக் கஞ்சி யார் ஊத்துவா?" என்பானாம். பத்திரம் எழுதிய வக்கீலும் அவன் ஏற்பாடு செய்தவர்தான். அத்தையிடம் தனியாக ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதையெல்லாம் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன்.

இந்தத் தான ஒப்பந்தம் தானாகச் செல்லாமல் போகாது, ரத்து செய்யும்வரை செல்லும். அதற்குள் விவரம் அறியாத ஒருவருக்கு வீட்டை விற்றுவிட்டால் மீட்பது மிகக் கஷ்டம். அதனால் முதலில் விற்பனைக்குத் தடை உத்தரவு கேட்கச் சொன்னார் மாமா. ஆனால் வழக்கு அத்தை பெயரில்தான் போக வேண்டும். அவர் இன்னும் "பிள்ளை பாவம்" என்கிறார்.